127 பல் இல்லாத பட்டறையில்

திருவண்ணாமலை என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தீபமும் கிரிவலமும்தான் நினைவுக்கு வரும். மலையைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போனால் கிணற்றுப் பாசனமும் நெல்லும் கரும்புமாக விரிகிற மாவட்டம் அது. ஆரணிப் பக்கம் அரிசி ஆலைகளுக்குப் பேர்போனது. பம்புசெட்டு, டிராக்டர், அரிசி ஆலை என்று எது பழுதானாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் லேத் பட்டறை. புதிய உதிரிப்பாகம் வாங்குவதைவிடத் தேய்ந்ததற்கு வெல்டிங் ஏற்றிக் கடைந்து கொடுப்பது அங்கே மலிவு, சீக்கிரமும்கூட.

அப்படி ஓர் ஆலையிலிருந்து தண்டு ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் லாக்நட் ஏறுகிற முனையில் மரை சிதைந்துபோயிருக்கிறது. வெல்டிங் ஏற்றி, 40 மில்லிமீட்டருக்குக் கடைந்து, புதிதாக மரை வெட்ட வேண்டும். "பழைய நட்டே ஏறணும் அண்ணே" என்கிறார் ஆலைக்காரர். நட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அது கே.எம். 8 வகை லாக்நட், அதன் மரை எம் 40 × 1.5. அதாவது வெளிவிட்டம் 40 மில்லிமீட்டர், ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையிலான தூரம், பட்டறைப் பேச்சில் பிட்ச், 1.5 மில்லிமீட்டர்.

பட்டறையில் இருக்கும் லேத்தோ அங்குலக் கணக்கில் பிறந்தது. அதன் லீட் ஸ்க்ரூவில் ஓர் அங்குலத்துக்கு 4 புரி. மெட்ரிக் அளவைச் சட்டம் இந்தியாவில் 1956-இல் வந்துவிட்டது. ஆனாலும் நாட்டின் பட்டறைகளில் அங்குல லீட் ஸ்க்ரூ கொண்ட லேத்துகள் இன்றும் ஓடுகின்றன. நல்ல வார்ப்பிரும்பில் செய்த லேத், வாங்கியவருக்குப் பிறகு அவர் மகனுக்கும் உழைக்கும். இப்படி ஓர் அங்குல எந்திரத்தில் 1.5 மில்லிமீட்டர் பிட்ச் வெட்டுவதற்கான கியர் கணக்கைத்தான் இங்கே கடைசிவரை பின்தொடரப் போகிறேன்.

லேத்தில் மரை எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சக்கில் பிடித்த தண்டு சுற்றுகிறது. உளி அதன் ஓரமாக நகர்கிறது. தண்டு ஒரு சுற்று சுற்றுவதற்குள் உளி எவ்வளவு தூரம் நகர்கிறதோ அதுதான் பிட்ச். உளியைத் தாங்கிய கேரேஜை நகர்த்துவது, லேத்தின் முன்புறம் நீளவாக்கில் ஓடும் லீட் ஸ்க்ரூ. அந்தத் திருகை ஹாஃப் நட் என்னும் இரண்டு பாதி நட்டுகள் கவ்வியதும் கேரேஜ் நகரத் தொடங்கும். சக்கைச் சுற்றும் ஸ்பிண்டிலையும் லீட் ஸ்க்ரூவையும் இணைப்பது லேத்தின் இடது ஓரத்தில் மூடிக்குள் இருக்கும் சேஞ்ச் கியர்கள். கழற்றி மாற்றக்கூடிய பல்சக்கரங்கள் என்பதால் அந்தப் பெயர். 1800-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே கட்டிய மரை வெட்டும் லேத்திலும் இதே ஏற்பாடுதான். ஒரே லீட் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு, கியரை மட்டும் மாற்றி, வெவ்வேறு பிட்ச் வெட்டலாம்.

நம் லேத்தில் லீட் ஸ்க்ரூ ஒரு சுற்று சுற்றினால் கேரேஜ் கால் அங்குலம் போகும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். நமக்குத் தண்டின் ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் போதும். ஆகவே ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றும்போது லீட் ஸ்க்ரூ சுற்ற வேண்டியது 1.5-ஐ 6.35-ஆல் வகுத்த பங்கு. தசமத்தை நீக்கிச் சுருக்கினால்:

1.5 / 6.35 = 150 / 635 = 30 / 127

ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு படித்தவர்கள் இதை 5pn/127 என்ற சூத்திரமாக மனப்பாடம் செய்திருப்பார்கள். p வெட்ட வேண்டிய பிட்ச், n லீட் ஸ்க்ரூவில் ஓர் அங்குலத்துக்கு உள்ள புரிகள். 5 × 1.5 × 4 = 30. அதே விடை. மேலே உள்ள எண் ஓட்டும் சக்கரம், கீழே உள்ளது ஓட்டப்படும் சக்கரம். ஸ்பிண்டில் பக்கத்து ஸ்டட்டில் 30 பல், லீட் ஸ்க்ரூவில் 127 பல், இரண்டுக்கும் நடுவே எட்டுகிற அளவுக்கு ஏதாவது ஓர் இடைச்சக்கரம். இடைச்சக்கரத்துக்கு எத்தனை பல் இருந்தாலும் விகிதம் மாறாது. ஒரு பல் உள்ளே வந்தால் ஒரு பல் வெளியே போகிறது, அவ்வளவுதான்.

அந்த 127 எங்கிருந்து வந்தது? ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதைப் பின்னமாக எழுதினால் 127/5. 127 பகா எண், அதைச் சிறிய எண்களின் பெருக்கலாகப் பிரிக்க முடியாது. அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்குத் துல்லியமாகத் தாண்ட வேண்டுமென்றால் 127 பல்லோ அதன் மடங்கோ கியர் வரிசையில் எங்காவது இருந்தே தீர வேண்டும். இந்தத் துல்லியமும் மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததுதான். அதற்கு முன் அமெரிக்க அங்குலம் 25.4-ஐவிட ஒரு துளி பெரியது, பிரிட்டிஷ் அங்குலம் ஒரு துளி சிறியது. 1959 ஜூலை 1 முதல் அமெரிக்காவும் பிரிட்டனும் வேறு நான்கு நாடுகளும் 25.4 என்றே வைத்துக்கொண்டன. அதுவரை மிக நெருங்கிய தோராயமாக இருந்த 127 பல் சக்கரம் அன்றைக்கு முழுத் துல்லியம் ஆகிவிட்டது.

கணக்கு இங்கேயே முடிந்திருக்கும், 127 பல் சக்கரம் கையில் இருந்தால். பழைய லேத்தோடு வரும் கியர் செட் பெரும்பாலும் 20-இல் தொடங்கி ஐந்தைந்தாக ஏறி 120 வரை போகும். 127 தனியாக வரும், சில நேரம் வராது, வந்ததும் கைமாறும்போது தொலைந்துபோகும். இருந்தாலும் பொருந்தாத எந்திரங்கள் உண்டு. மாட்யூல் 2 பல்லில் செய்த 127 பல் சக்கரத்தின் பிட்ச் வட்ட விட்டமே 254 மில்லிமீட்டர், சரியாகப் பத்து அங்குலம். சின்ன லேத்தின் மூடிக்குள் அது சுற்ற இடமிருக்காது.

இந்த இடத்தில் பலர் செய்வது, பக்கத்தில் இருக்கும் அங்குல மரையை வெட்டிப் பார்ப்பது. அங்குலத்துக்கு 16 புரி என்றால் பிட்ச் 1.5875 மில்லிமீட்டர். கண்ணுக்கு 1.5 போலவே தெரியும். நட்டும் ஓரிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகி நிற்கும். ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் மரையின் ஓரம் மடிந்து நட்டும் கெடும். ஒரு சுற்றுக்கு 0.0875 மில்லிமீட்டர் வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகிறது. நட்டின் கனம் பத்து மில்லிமீட்டர் என்றால் அதற்குள் அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். அது பிட்ச்சில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்.

ஆகவே 30/127-க்குப் பக்கத்தில், ஆனால் கையில் இருக்கும் சக்கரங்களால் கட்டக்கூடிய ஒரு பின்னம் வேண்டும். அதைத் தேட ஓர் ஒழுங்கான வழி உண்டு. பள்ளியில் மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்த தொடர் வகுத்தல்தான் அது. 127-ஐ 30-ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 7. 30-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 2. 7-ஐ 2-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 1. 2-ஐ 1-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி இல்லை. கிடைத்த ஈவுகள் 4, 4, 3, 2.

இந்த ஈவுகளைக் கொண்டு பின்னங்களைப் படிப்படியாகக் கட்டலாம். முதல் பின்னம் 1/4. இரண்டாவது, மேலே 4, கீழே 4 × 4 + 1, அதாவது 4/17. அதற்குப் பிறகு விதி எளிது. அடுத்த ஈவால் கடைசிப் பின்னத்தின் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பெருக்கி, அதற்கு முந்தைய பின்னத்தின் எண்களைக் கூட்ட வேண்டும். ஈவு 3 என்பதால் மேலே 3 × 4 + 1 = 13, கீழே 3 × 17 + 4 = 55. கடைசி ஈவு 2 என்பதால் மேலே 2 × 13 + 4 = 30, கீழே 2 × 55 + 17 = 127. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்.

1/4, 4/17, 13/55, 30/127

ஒவ்வொன்றும் முந்தையதைவிட உண்மைக்கு நெருக்கம். அதைவிட முக்கியமானது, இவ்வளவு சின்ன எண்களில் இதைவிட நெருக்கமான பின்னம் வேறு கிடையாது என்பது. ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகென்ஸ் பதினேழாம் நூற்றாண்டிலேயே தம் கோள்காட்டி எந்திரத்துக்குப் பல் எண்ணிக்கை தேட இந்த வழியைப் பயன்படுத்தினார். சனிக்கு அவர் தேர்ந்தது 7 பல்லும் 206 பல்லும். பாரிஸ் கடிகாரக்காரர் அஷீல் புரோகோ இதற்கு நெருங்கிய இன்னொரு முறையை 1861-இல் தம் தொழில்காரர்களுக்காகவே எழுதி வெளியிட்டார். இன்று கணிதப் பாடத்தில் அவர் பெயரோடு வரும் பின்ன மரம், கியர் பல் எண்ணும் வேலையில் முளைத்தது.

நம் நான்கு பின்னங்களை இப்போது லேத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலாவதான 1/4 வேறொன்றுமில்லை, இறுகி நின்ற அதே 16 புரி. 4/17 என்பதை 20 பல்லும் 85 பல்லும் கொண்டு கட்டலாம், பிட்ச் 1.494 வரும். பத்து மில்லிமீட்டர் நட்டில் மொத்த விலகல் 0.04 மில்லிமீட்டர். மரையைக் கொஞ்சம் ஆழமாக வெட்டித் தளர்வாக விட்டால் நட்டு ஏறிவிடும். ஆனால் இறுக்கும்போது பாரம் எல்லாப் புரியிலும் பரவாமல் ஓரிரண்டு புரியிலேயே விழும். அதிர்வோடு ஓடும் ஆலைத் தண்டுக்கு இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

13/55 அப்படியில்லை. 6.35-ஐ அதனால் பெருக்கினால் பிட்ச் 1.5009. பிழை நூற்றுக்கு 0.06. பத்து மில்லிமீட்டர் நட்டுக்குள் சேரும் விலகல் ஆறு மைக்ரான், தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு. வழக்கமான மரைக்கு விடும் தளர்விலேயே இது காணாமல் போய்விடும். இதற்கு வேண்டிய சக்கரங்களும் ஐந்தின் மடங்குகளிலேயே கிடைக்கின்றன:

13/55 = (65 × 20) / (55 × 100)

சில பட்டறைகளில் 63 பல் சக்கரம் ஒன்று இருக்கும். அது இருந்தால் 63, 30 ஓட்ட, 80, 100 ஓட்டப்பட, பிழை நூற்றுக்கு 0.0125 ஆகக் குறையும். நம் பட்டறையில் அது இல்லை என்றே வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

நான்கு சக்கரங்களை எந்த வரிசையில் மாட்டுவது என்பதில் தாள் கணக்கு உதவாது. 65-உம் 20-உம் ஓட்டுபவை, 55-உம் 100-உம் ஓட்டப்படுபவை. ஓட்டுபவற்றை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினாலும் விகிதம் அதேதான். ஆனால் ஸ்டட்டில் 20-ஐ மாட்டி, அது 55-ஐ ஓட்டி, 55-உடன் ஒரே அச்சில் பூட்டிய 65 லீட் ஸ்க்ரூவின் 100-ஐ ஓட்டுமாறு அமைத்தால் இடிக்கும். மாட்யூல் 2 பல்லில் 20-க்கும் 55-க்கும் மைய தூரம் 75 மில்லிமீட்டர். 65 பல் சக்கரத்தின் வெளி ஆரமே 67. மிச்சம் எட்டு மில்லிமீட்டரில் ஸ்டட்டின் முனையும் நட்டும் அடங்காது. மாற்றிப் போட வேண்டும். ஸ்டட்டில் 65, அது ஓட்டுவது 55, அதே அச்சில் 20, அது ஓட்டுவது லீட் ஸ்க்ரூவில் 100. இரு ஜோடியிலும் மைய தூரம் 120 மில்லிமீட்டர், எதுவும் எதையும் தொடாது. பழகிய டர்னர்கள் இதைப் பார்த்ததுமே சொல்வார்கள். புதியவர்கள் ஒரு ஜோடியின் பற்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை இடையச்சில் உள்ள மற்றச் சக்கரத்தின் பல்லைவிடக் குறைந்தது 15 அதிகமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சக்கரங்களை நெருக்கும்போது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு துண்டுத் தாளை வைத்து, நன்றாக அழுத்தி, போல்டை முறுக்குவார்கள். பிறகு சக்கரத்தைத் திருப்பித் தாளை வெளியே எடுத்தால், மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வர வேண்டும். அந்தத் தாளின் கனம்தான் பற்களுக்கு இடையே தேவையான இடைவெளி. கிழிந்து வந்தால் இறுக்கம் அதிகம், ஓடும்போது கியர் ஊளையிடும்.

மோட்டாரைப் போடுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஸ்பிண்டிலிலிருந்து ஸ்டட் வரை உள்ள கியர்கள் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஓடுகின்றனவா என்பது எல்லா லேத்திலும் ஒரே மாதிரி இல்லை. கியர்பாக்ஸ் உள்ள லேத்தில் லிவர் எந்த நிலையில் நிற்கிறது என்பதும் சேரும். இதையெல்லாம் தனித்தனியாகச் சந்தேகப்படுவதைவிட மொத்தமாகச் சோதித்துவிடலாம். ஹாஃப் நட்டைப் போட்டு, சக்கைக் கையால் சில சுற்று சுற்றி, கியர்களின் தளர்வு முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கிய பிறகு கேரேஜ் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து அதே திசையில் சரியாக 20 சுற்று. கேரேஜ் நகர்ந்த தூரத்தை வெர்னியரில் அளந்தால் 30.02 மில்லிமீட்டர் வர வேண்டும். 29.88 வந்தால் மாட்டியிருப்பது 4/17. 31.75 வந்தால் 16 புரி. இவை எதற்கும் ஒட்டாத எண் வந்தால் ஓட்டுவதும் ஓட்டப்படுவதும் எங்கோ இடம் மாறியிருக்கிறது, அல்லது கியர்பாக்ஸ் லிவர் வேறிடத்தில் இருக்கிறது. இந்தச் சோதனையில் தண்டில் ஒரு கீறல்கூட விழாது.

அங்குல மரை மட்டுமே வெட்டிப் பழகியவர்கள் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். மரை ஒரே ஓட்டத்தில் முடிவதில்லை. மெல்லிசாக ஒரு முறை கீறி, உளியை வெளியே இழுத்து, கேரேஜைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் ஆழம் கூட்டி மறுபடி ஓட்ட வேண்டும். அங்குலத்துக்கு 8 புரி வெட்டும்போது ஹாஃப் நட்டைத் திறந்து கேரேஜைக் கையால் தள்ளிக்கொண்டு வந்து எங்கே மூடினாலும் உளி பழைய தடத்திலேயே விழும். கால் அங்குலத்தில் 8 புரியின் இரண்டு பிட்ச் சரியாக அடங்குவதால் அது நடக்கிறது.

1.5 மில்லிமீட்டர் மரையில் அப்படி நடக்காது. ஹாஃப் நட் 6.35 மில்லிமீட்டருக்கு ஒரு முறை எங்கே வேண்டுமானாலும் கவ்வும். உளி பழைய தடத்தில் விழ வேண்டுமானால் அது தள்ளி விழும் தூரம் பிட்ச்சின் முழு மடங்காக இருக்க வேண்டும். கிரிவலப் பாதையில் இரண்டு பேர் கிழக்குக் கோபுர வாசலிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டு, ஒருவர் 127 சுற்று முடிக்கும் நேரத்தில் மற்றவர் 30 சுற்று முடிக்கிறார் என்றால், இருவரும் அந்த வாசலில் மறுபடி ஒன்றாக நிற்பது 127 சுற்றும் 30 சுற்றும் முடிந்த பிறகுதான். 30/127 கியரில் அந்தச் சந்திப்பு 190.5 மில்லிமீட்டருக்கு ஒரு முறை. நம் 13/55-இல் 82.55 மில்லிமீட்டருக்கு ஒரு முறை, அதாவது ஹாஃப் நட் கவ்வக்கூடிய 13 இடங்களில் ஓர் இடம்தான் சரி. லேத்தில் இருக்கும் அங்குல மரை டயல் இந்தக் கணக்குக்காகச் செய்யப்பட்டதல்ல, அதை நம்பி மூடினால் இரண்டாவது ஓட்டத்திலேயே முதல் தடத்தின் நடுவே குறுக்காக இன்னொரு தடம் விழும். வெல்டிங், கடைசல் எல்லாம் வீண்.

ஆகவே மரை முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. ஓட்டம் முடிந்ததும் உளியை வெளியே இழுத்து, மோட்டாரைப் பின்னோக்கி ஓடவிட்டு, கேரேஜைத் தொடக்கத்துக்கும் கொஞ்சம் அப்பால் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் முன்னோக்கி ஓடத் தொடங்கியதும் தளர்வெல்லாம் ஒதுங்கி, உளி தண்டைத் தொடுவதற்குள் தடத்துக்கு வந்துவிடும். மெதுவான வேலை. மரை வந்து முடியும் இடத்தில் முன்கூட்டியே ஒரு பள்ளம் கடைந்துவைத்தால் உளியை இழுப்பதற்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

நூற்றுக்கு 0.06 பிழை எதற்கெல்லாம் பொறுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூட்டும் மரைக்கு நட்டின் கனம் மட்டுமே கணக்கு, தண்டு எவ்வளவு நீளம் என்பது பொருட்டில்லை. இதே சிறு பிழையோடு ஏரி மதகின் ஷட்டரைத் தூக்கும் நீளமான திருகை வெட்டினாலும் ஷட்டர் ஏறி இறங்கும். பழைய லேத்தின் லீட் ஸ்க்ரூ சக்குக்குப் பக்கத்தில்தான் அதிகம் தேய்ந்திருக்கும், ஏனென்றால் பெரும்பாலான மரைகள் அங்கேதான் வெட்டப்படுகின்றன. அந்தத் தேய்மானம் தரும் பிழை 13/55-இன் பிழையைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இன்னொரு லேத்துக்கு லீட் ஸ்க்ரூவோ, டயல் வைத்து அளவு படிக்கும் குறுக்குத் திருகோ வெட்டும்போது கதை வேறு. ஒரு மீட்டருக்கு 0.6 மில்லிமீட்டர் என்று சேரும் பிழையை, அந்த எந்திரத்தில் பிறகு செய்யப்படும் ஒவ்வொரு வேலையும் சுமக்கும். அதற்கு 127 பல்தான் வேண்டும்.

அந்தச் சக்கரத்தை மில்லிங் எந்திரத்தில் வெட்டிக்கொள்ளலாம். அதிலும் ஒரு சிக்கல் வரும். வட்டத்தைச் சம பங்காகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைப்பொருள் ஒரு சுற்று சுற்றும். ஒரு பல்லுக்கு 40/127 சுற்று வேண்டும், அதற்குரிய 127 துளை உள்ள தட்டு வழக்கமான செட்டில் இல்லை. எனவே 120 பல் வெட்டுவதுபோல ஒவ்வொரு பல்லுக்கும் மூன்றில் ஒரு சுற்று சுற்றுவார்கள். மிச்சமுள்ள வித்தியாசத்தைத் துளைத்தட்டே பின்னோக்கி மெல்ல நகர்ந்து ஈடுகட்டும். அந்த நகர்வை வேலைப்பொருளின் அச்சிலிருந்து எடுத்துத் தருவது ஒரு கியர் ஜோடி. அதன் விகிதம் (127 − 120) × 40/120, அதாவது 7/3. டிவைடிங் ஹெட்டோடு வரும் பெட்டியிலேயே 56 பல் சக்கரமும் 24 பல் சக்கரமும் இருக்கும். ஓட்டுவது 56, ஓட்டப்படுவது 24.